இரண்டாயிரம் திர்ஹாம் காவேரிப்பட்டணம் வந்து சேரும்போது எத்தனை ரூபாய்?

துபாயில் எட்டு ஆண்டுகள் குளிர்சாதனப் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு, 2024-இல் காவேரிப்பட்டணத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்குத் திரும்பினேன். அந்த எட்டு ஆண்டுகளில் தொண்ணூறு முறைக்குக் குறையாமல் வீட்டுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். முதல் சில ஆண்டுகள் சரியாகக் கணக்குப் பார்க்கத் தெரியாமல் அனுப்பினேன். ஒரே ஒரு முறை கூடுதல் ரேட்டுக்கு ஆசைப்பட்டு அனுப்பியது, அப்பாவின் வங்கிக் கணக்கை ஐந்து மாதம் முடக்கிப் போட்டது. அதன் பிறகுதான் பணம் எந்த வழியாக ஊருக்கு வருகிறது, வழியில் யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். இப்போது என் அக்கா மகன் துபாய்க்குக் கிளம்புகிறான். அவனுக்கு வாய்வார்த்தையாகச் சொன்னவற்றைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நான் தங்கியிருந்தது அல்-கூஸ் பகுதியில், ஓர் அறைக்கு ஆறு பேர். சம்பளம் கைக்கு வந்த அன்று மாலையே எல்லோரும், திர்ஹாமை வாங்கிக்கொண்டு ஊருக்கு ரூபாயாக அனுப்பித் தருகிற எக்ஸ்சேஞ்சுக்குக் கிளம்புவோம். நடந்து போகிற தூரத்தில் இரண்டு எக்ஸ்சேஞ்சுகள் இருந்தன. ஒன்றில் ஒருமுறை அனுப்ப 20 திர்ஹாம் கட்டணம். இன்னொன்றில் 16 திர்ஹாம். நாலு திர்ஹாம் மிச்சம் என்று வெயில் தாழ்ந்த பிறகும் வேர்க்க வேர்க்கக் கால் மணி நேரம் கூடுதலாக நடந்து இரண்டாவதற்குத்தான் போவேன். 2017-இல் ஒரு நாள் அறையில் இருந்த அரூர்க்காரத் தம்பியும் நானும் ஒரே நாளில் 2,000 திர்ஹாம் அனுப்பினோம். அவன் 20 திர்ஹாம் வாங்குகிற இடத்தில், நான் 16 திர்ஹாம் வாங்குகிற இடத்தில். இரவு ரசீதுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அவன் வீட்டுக்கு என் வீட்டைவிட 200 ரூபாய் அதிகமாகப் போயிருந்தது. காரணம் எளிது. அவனுக்குக் கொடுத்த ரேட் எனக்குக் கொடுத்ததைவிடப் பத்து பைசா அதிகம். நான் மிச்சம் பிடித்த நாலு திர்ஹாம் அன்றைய விலைக்கு 70 ரூபாய்தான்.

“அண்ணே, அவன் கட்டணத்தைக் கண்ணுக்குக் காட்டி வாங்கறான், இவன் காட்டாம வாங்கறான், அவ்வளவுதான்” என்றான் அந்தத் தம்பி. அவன் பத்தாவது வரை படித்தவன், நான் ஐ.டி.ஐ. முடித்தவன். அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு மாதமும் தேதி, கையிலிருந்து போன திர்ஹாம், ஊரில் விழுந்த ரூபாய் என்று மூன்றே மூன்று விவரங்களை எழுதத் தொடங்கினேன். ரேட்டையும் கட்டணத்தையும் தனித்தனியாக எழுதாமல், போனதையும் வந்ததையும் மட்டும் எழுதியதுதான் நான் செய்த சரியான காரியம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அந்த நோட்டு இருந்தும் 2023 ஏப்ரலில் நான் தவறினேன். அந்த மாதம் டாலர் 82 ரூபாயை ஒட்டி இருந்தது. எக்ஸ்சேஞ்சில் ஒரு திர்ஹாமுக்கு 22 ரூபாய் 20 பைசா கொடுத்தார்கள். அதற்கு மேல் கட்டணம் வேறு. எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடிக்கு வந்து போகிற ஒருவர், உண்டியலில், அதாவது வங்கியோ எக்ஸ்சேஞ்சோ இல்லாமல் தனி ஆட்கள் மூலமாகப் பணம் ஊருக்குப் போய்ச் சேரும் வழியில், 22 ரூபாய் 60 பைசா தருவதாகவும் கட்டணமே இல்லை என்றும் சொன்னார். 2,000 திர்ஹாமுக்குக் கட்டணத்தையும் சேர்த்தால் ஆயிரத்து முந்நூறு ரூபாய் வரை கூடுதலாகக் கிடைக்கும். அறையில் இரண்டு பேர் ஏற்கெனவே அவரிடம் கொடுத்து, ஊரில் பணம் சரியாகச் சேர்ந்திருந்தது. நானும் கொடுத்தேன். அவர் ரசீது எதுவும் தரவில்லை. அப்பாவின் கணக்கு எண்ணை மட்டும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டார். மறுநாள் மாலைக்குள் அப்பாவின் கணக்கில் 25,000 ரூபாயும் 20,200 ரூபாயுமாக இரண்டு தவணைகளில் பணம் விழுந்தது. ஆக 45,200; ஒரு பைசா குறையவில்லை.

அப்போதே யோசித்திருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சந்தையில் அன்று ஒரு திர்ஹாமின் உண்மையான விலையே 22 ரூபாய் 33 பைசாதான். அதற்கும் மேலே 27 பைசா சேர்த்து ஒருவர் எனக்கு ஏன் தர வேண்டும்? அவருக்கு நட்டம்தானே? நட்டம் இல்லை. அவருக்குத் துபாயில் என்னுடைய திர்ஹாம் வேண்டும். இந்தியாவில் வேறு யாரோ ஒருவரிடம் இருக்கிற, வங்கி வழியாக வெளியே கொண்டுபோக முடியாத ரூபாய் அவருக்குக் கிடைக்கிறது. அப்படி ரூபாய் வைத்திருப்பவர் அதைத் திர்ஹாமாக மாற்றிக்கொள்ளக் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருக்கிறார். முன்பெல்லாம் அது பெரும்பாலும் தங்கக் கடத்தல் பணமாகவோ வரி கட்டாத வியாபாரப் பணமாகவோ இருக்கும் என்பார்கள். இப்போது அதோடு, தொலைபேசியிலும் இணையத்திலும் மக்களை ஏமாற்றிப் பறித்த பணமும் கலந்துவிட்டது. பறித்தவர்கள் அதை யாரோ ஒருவருடைய கணக்கில் போட்டு, அங்கிருந்து எங்களைப் போன்ற குடும்பங்களின் கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பிவிட்டால், அவர்களுக்கு அதற்கு ஈடான திர்ஹாம் துபாயில் சுத்தமாகக் கிடைத்துவிடும். என் அப்பாவின் கணக்கு அந்த அழுக்கைக் கழுவும் தொட்டியாக ஆனது அப்படித்தான்.

மூன்று வாரம் கழித்து, மே மாத நடுவில், அப்பா ஏ.டி.எம்.முக்குப் போனார், பணம் வரவில்லை. கிளையில் கேட்டபோது, வேறொரு மாநிலத்தின் சைபர் குற்றப் பிரிவிலிருந்து வந்த கோரிக்கையின் பேரில் கணக்கு முடக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு தவணைகளில் 25,000 ரூபாய்த் தவணை எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ, அது அந்த மாநிலத்தில் ஏமாற்றப்பட்ட ஒருவரின் பணம் கைமாறிய கணக்கு. அது மாம்பழ அறுவடைக் காலம். மண்டிக்காரர் பெங்களூரா மாங்காய்க்குக் கொடுத்த முன்பணமும் அதே கணக்கில்தான் இருந்தது. ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் ரூபாய் கணக்கில் தெரிகிறது. காய் பறிக்க வந்த ஆட்களுக்குக் கூலி கொடுக்கக் கையில் காசு இல்லை. அப்பா அன்று இரவு போனில் என்னைத் திட்டவில்லை. “யாருன்னே தெரியாத பேருல பணம் வந்திருக்குதேன்னு அன்னிக்கே நெனச்சேன்பா, நீ அனுப்பற பணம் இப்படி வராதேன்னு” என்று மட்டும் சொன்னார்.

முடக்கத்தை நீக்கும் வேலையில் நாங்கள் கற்றுக்கொண்டது இது. கிளை மேலாளரால் தானாக எதையும் திறந்துவிட முடியாது. அவரிடம் கேட்டு வாங்க வேண்டியவை மூன்று: புகாரின் ஒப்புகை எண், கோரிக்கை அனுப்பிய காவல் நிலையத்தின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும், எந்தத் தேதியில் வந்த எந்தத் தொகையின் மீது புகார் என்ற விவரம். அதன் பிறகு அந்த விசாரணை அதிகாரிக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டும். கணக்கு முழுவதையும் முடக்காமல், புகாருக்கு உட்பட்ட தொகையை மட்டும் நிறுத்திவைக்கும்படி அதில் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கோரிக்கையை முதல் கடிதத்தில் நாங்கள் கேட்கவே இல்லை. அதனாலேயே இரண்டு மாதம் வீணானது.

ஆனால் அந்த விளக்கக் கடிதத்தில் எதை எழுதுவது என்பதில்தான் சிக்கலே இருந்தது. “என் மகன் துபாயிலிருந்து அனுப்பிய பணம்” என்று எழுதினால், அதற்கான ரசீது எங்கே என்ற கேள்வி வரும். ரசீது இல்லை. உண்டியலில் வந்தது என்று எழுதினால், அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999-ஐ மீறியதாக நாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். வெளிநாட்டில் இருப்பவர் சார்பில், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் வழியாக அல்லாமல் இந்தியாவில் பணம் பெற்றுக்கொள்வதை அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு தடுக்கிறது. தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கவும் இடமிருக்கிறது. பணம் அனுப்பியவனுக்கு மட்டுமே ஆபத்து என்று நாங்கள் நினைத்திருந்தோம். வாங்கியவருக்கும் அதே அளவு ஆபத்து. கடைசியில் ஒரு வழக்கறிஞரை வைத்து நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தோம். அக்டோபரில் 25,000 ரூபாயைத் தவிர மற்றத் தொகையைத் திறந்துவிட்டார்கள். அந்த 25,000 பிறகு எங்களுக்குத் திரும்பவில்லை. அது யாரிடமிருந்து பறிக்கப்பட்டதோ அவருடைய பணம் என்பதால் அதைக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. ஆயிரத்து முந்நூறு ரூபாய் லாபம் பார்க்கப் போய், வழக்கறிஞர் செலவும் சேர்த்து முப்பதாயிரத்துக்கு மேல் போயிற்று. மூன்றாவது மாடிக்கு வந்து போனவருடைய எண் மே மாதத்திலேயே அணைந்துவிட்டது.

முறையான வழியில் வந்த பணத்துக்கும் உண்டியல் பணத்துக்கும் பாஸ்புக்கில் வித்தியாசம் தெரியும் என்பதை அப்பாதான் எனக்குக் காட்டினார். எக்ஸ்சேஞ்ச் வழியாகப் பணம் அனுப்பும்போது நோட்டுகள் கடல் தாண்டி வருவதில்லை. வளைகுடாவிலுள்ள எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்கள் இந்திய வங்கிகளில் ரூபாய்க் கணக்கு வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அதற்கு ருபீ டிராயிங் அரேஞ்ச்மென்ட் என்று பெயர். எக்ஸ்சேஞ்ச் அந்தக் கணக்கில் முன்கூட்டியே பணம் போட்டு வைத்திருக்கும். நான் துபாயில் திர்ஹாமைக் கட்டியதும், இங்குள்ள அந்த வங்கி அந்தக் கணக்கிலிருந்து எடுத்து, நெஃப்ட் அல்லது ஐ.எம்.பி.எஸ். மூலமாக அப்பாவின் கணக்கில் சேர்த்துவிடும். எனவே அப்பாவின் பாஸ்புக்கில், எனக்கு வழக்கமான எக்ஸ்சேஞ்சின் பெயரோ அந்த வங்கியின் பெயரோ, பெரும்பாலும் என் பெயருடன் சேர்ந்தே வரும். உண்டியல் பணம் வந்த வரிகளில் அப்படி எதுவும் இல்லை. வாழ்நாளில் பார்த்திராத இரண்டு தனி ஆட்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. இப்படி ஒரு வரியைப் பார்த்தால் அந்தப் பணத்தைத் தொடாமல், உடனே அனுப்பியவருக்குப் போன் செய்து கேட்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் இப்போது எல்லோருக்கும் தெரியும்.

இனி ரேட்டுக்கு வருகிறேன். முடக்கம் நீங்கிய அதே அக்டோபரில்தான் முதன்முறையாக ஒழுங்காக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். திர்ஹாமுக்கு ஒரு வசதி உண்டு: அதன் விலை 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று நிலையாகக் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே செய்தியில் வருகிற டாலரின் ரூபாய் விலையை 3.6725 ஆல் வகுத்தால், திர்ஹாமின் உண்மையான சந்தை விலை கிடைத்துவிடும். அன்று டாலர் 83 ரூபாய் 20 பைசா. வகுத்தால் 22 ரூபாய் 65 பைசாவும் கொஞ்சமும் வருகிறது. இந்த விலைக்கு யாரும் நமக்குத் தரமாட்டார்கள். ஆனால் எவன் எவ்வளவு குறைத்துத் தருகிறான் என்று அளந்து பார்க்க இதுதான் முழக்கோல்.

அன்று என்னிடம் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, “கட்டணம் இல்லை” என்று விளம்பரம் செய்த ஒரு மொபைல் செயலி. அதில் ரேட் 22.38. இரண்டாவது, எக்ஸ்சேஞ்சின் கவுன்ட்டர், ரேட் 22.56, கட்டணம் 22 திர்ஹாம், அந்தக் கட்டணத்தின் மேல் 5 சதவீதம் வாட் வரி என 1 திர்ஹாம் 10 ஃபில்ஸ். மூன்றாவது, அதே எக்ஸ்சேஞ்சின் சொந்தச் செயலி, ரேட் 22.58, கட்டணம் 15 திர்ஹாம், வாட் 75 ஃபில்ஸ். கையில் மொத்தம் 2,000 திர்ஹாம்தான் இருக்கிறது, கட்டணமும் அதற்குள்ளிருந்தே போக வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். முதல் வழியில் 44,760 ரூபாய் போய்ச் சேரும். கவுன்ட்டரில் கட்டணம் கழிந்து 1,976 திர்ஹாம் 90 ஃபில்ஸ் மாறும். அது 44,598 ரூபாய். எக்ஸ்சேஞ்சின் செயலியில் 44,804 ரூபாய். ஆக, ஒரே நிறுவனத்தின் கவுன்ட்டருக்கும் செயலிக்கும் இடையே 206 ரூபாய் வித்தியாசம். கட்டணமே இல்லை என்றவனோ உண்மையில் ஒரு திர்ஹாமுக்கு இருபத்தேழரைப் பைசா வீதம் 550 ரூபாய் எடுத்துக்கொள்கிறான்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் தெரிந்தது. அறையில் புதிதாக வந்திருந்த பையன் ஒருவன், பென்னாகரத்துக்காரன், அம்மாவுக்கு மாதம் 700 திர்ஹாம்தான் அனுப்புவான். அவன் தொகைக்கு அதே கணக்கைப் போட்டால் கட்டணமில்லாத செயலியில் 15,666 ரூபாய், எக்ஸ்சேஞ்சின் செயலியில் 15,450, கவுன்ட்டரில் 15,270 வருகிறது. அவனுக்கு “கட்டணம் இல்லை” என்பதே சரியான வழி. 5,000 திர்ஹாம் அனுப்புகிறவருக்கோ கட்டணமில்லாத வழியில் 1,11,900 ரூபாயும் எக்ஸ்சேஞ்சின் செயலியில் 1,12,544 ரூபாயும் கிடைக்கும். கட்டணம் எத்தனை திர்ஹாம் அனுப்பினாலும் மாறுவதில்லை. ரேட்டில் பிடிக்கும் பைசா தொகைக்கு ஏற்பப் பெருகிக்கொண்டே போகிறது. அன்றைய விலைகளில் அந்த இரண்டு செயலிகளும் சமமாகும் இடம் 1,780 திர்ஹாம் அளவில் இருந்தது. அதற்குக் கீழே ஒன்று, மேலே மற்றொன்று. இந்த எல்லை ரேட்டோடு சேர்ந்து மாறும் என்பதால் எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எல்லாச் செயலிகளிலும் திர்ஹாமை அடித்தால் அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே “பெறுபவருக்குக் கிடைக்கும் தொகை” திரையில் வந்துவிடும்; என் வழக்கம் அந்த ஒரு எண்ணை மட்டும் இரண்டு மூன்று செயலிகளில் பார்த்துவிட்டு அனுப்புவதுதான். புதிய வாடிக்கையாளருக்கு முதல் முறை மட்டும் நல்ல ரேட் காட்டுகிற செயலிகளும் உண்டு. இரண்டாவது மாதம் திரும்பவும் பார்க்கவில்லை என்றால் அதில் ஏமாறுவது நிச்சயம்.

சம்பளம் வரும் வங்கியிலிருந்தே நேராக அனுப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். 2019-இல் ஒருமுறை 5,000 திர்ஹாமை அப்படி டாலராக அனுப்பிப் பார்த்தேன். நான் கட்டிய கட்டணம் போக, நடுவில் ஒரு வங்கி தன் பங்கை எடுத்துக்கொண்டது. இங்குள்ள வங்கி தன்னுடைய ரேட்டில் ரூபாயாக மாற்றியது. அந்த மாற்றத்துக்கு ஜி.எஸ்.டி. வேறு பிடித்தது. ஒரு லட்சத்துக்குள் உள்ள தொகைக்கு, தொகையில் 1 சதவீதத்தை மதிப்பாக எடுத்துக்கொண்டு அதன் மேல் 18 சதவீதம் வரி. குறைந்தபட்சம் 45 ரூபாய். எங்களுக்கு 170 ரூபாய் போயிற்று. அந்தப் பிடித்தம் பெரிதல்ல; நடுவில் எவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே தெரியாமல் இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வெளிநாட்டு நாணயமாகக் கிளம்புகிற பணத்துக்கு இந்தச் சங்கடம் உண்டு. எக்ஸ்சேஞ்சில் ரூபாய்த் தொகை ரசீதிலேயே உறுதியாகிவிடுகிறது.

ரேட் ஏறட்டும் என்று காத்திருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறையில் இரவு முழுக்க இதே பேச்சாகத்தான் இருக்கும். நான் துபாய் போவதற்கு ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணம் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியது. வீட்டுக்கு அனுப்புகிற 45,000 ரூபாய் அந்தக் கடனில் கழிய வேண்டிய பணம் என்றால், அதற்கு மாத வட்டி 1,350. நாளுக்கு 45 ரூபாய். பத்து நாள் காத்திருந்தால் வட்டி 450 ரூபாய். அந்தப் பத்து நாளில் திர்ஹாம் இருபது பைசா ஏறினால்கூட 2,000 திர்ஹாமுக்கு எனக்குக் கிடைப்பது 400 ரூபாய்தான். ஏறாமல் இறங்கவும் செய்யலாம். கடன் இருந்த வரையில் சம்பளம் வந்த மறுநாளே அனுப்பினேன். கடன் தீர்ந்த பிறகும் நான் பார்த்துக்கொண்டது ஒன்றுதான்: சனி, ஞாயிறுகளில் நாணயச் சந்தை மூடியிருக்கும், திங்கட்கிழமை விலை எப்படித் திறக்குமோ என்ற பயத்தில் எக்ஸ்சேஞ்சுகள் கூடுதலாகச் சில பைசாக்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். என் நோட்டில் வார நாளில் அனுப்பிய மாதங்களே பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன.

கணக்கு விவரங்களைப் பதிவு செய்யும்போது ஏற்படும் பிழைகளில் மிக மோசமானது கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் மாறுவது. நெஃப்ட் முறையில் பணம் கணக்கு எண்ணை வைத்து மட்டுமே சேர்க்கப்பட்டு வந்தது. பெயர் பொருந்துகிறதா என்று பார்த்து நிறுத்துவார்கள் என்று நம்பக் கூடாது. ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் பதினொரு எழுத்துகள் இருக்கும். முதல் நான்கு வங்கியைக் குறிக்கும், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம்தான், மீதி ஆறு கிளையைக் குறிக்கும். அந்த ஐந்தாவது இடத்தில் பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில ஓ எழுத்தை அடித்துவிட்டு, செயலி ஏற்கவில்லை என்று புலம்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வங்கிகள் இணைந்த பிறகு பழைய பாஸ்புக்கில் இருந்த குறியீட்டைக் கொடுத்ததால் ஒருமுறை என் பணம் ஆறு நாள் கழித்துத் துபாய்க்கே திரும்பி வந்தது. அதனால் புதிய கணக்கு எதற்கும் முதலில் 100 திர்ஹாம் அனுப்பி, வீட்டில் பாஸ்புக்கைப் பதிந்து, அந்த வரியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். மீதியை அதன் பிறகே அனுப்புவேன். அந்த ஒரு கட்டணம் தண்டம் என்று தோன்றும்; எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் யாருக்கும் கணக்கு இல்லாதபோது ரொக்கமாகப் பெறும் வழியும் முறைப்படி இருக்கிறது. ஒருமுறைக்கு 2,500 டாலர் வரை அனுப்பலாம். ஒருவர் ஓர் ஆண்டில் முப்பது முறை பெறலாம். கையில் ரொக்கமாக 50,000 ரூபாய்க்கு மேல் தரமாட்டார்கள். என் பாட்டிக்கு மருத்துவச் செலவுக்காக இரண்டு முறை இப்படி அனுப்பினேன். குறிப்பு எண்ணையும் ஆதார் அட்டையையும் காட்டிப் பெற்றுக்கொண்டார்கள்.

முடக்கத்துக்குப் பிறகு நான் செய்த இன்னொரு மாற்றம், எல்லாப் பணத்தையும் அப்பாவின் கணக்கிலேயே போடுவதை நிறுத்தியது. வெளிநாட்டில் வேலைக்குப் போனவர் ஊரில் முன்பு வைத்திருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, அதை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பது விதி. ஏழு ஆண்டுகள் அது எனக்குத் தெரியாது. அதை மாற்றியதோடு, வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைக்கிற என்.ஆர்.இ. கணக்கு ஒன்றும் தொடங்கி, சேமிப்பாக நிற்க வேண்டிய பணத்தை அதில் அனுப்பினேன். அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. அப்பாவுக்கு வீட்டுச் செலவுக்கு வேண்டியதை மட்டும் அனுப்பினேன். பெற்றோருக்கு மகன் தரும் பணத்துக்கு வரி இல்லை. ஆனால் அந்தப் பணத்தை அவர் பெயரில் வைப்பு வைத்தால், வரும் வட்டி அவருடைய வருமானமாகிவிடும். மாங்காய்ப் பணம் வருகிற கணக்கும் நான் அனுப்பும் பணம் வருகிற கணக்கும் இப்போது தனித்தனி.

அக்கா மகனிடம் உண்டியலைப் பற்றிச் சொன்னபோது, “மாமா, எக்ஸ்சேஞ்சுன்னு போர்டு போட்டிருந்தாலும் எப்படி நம்பறது?” என்று கேட்டான். நல்ல கேள்விதான். உரிமம் பெற்ற எக்ஸ்சேஞ்சுகளின் பட்டியல் ஐக்கிய அரபு அமீரகத்தின் மத்திய வங்கியின் தளத்தில் இருக்கிறது. உரிமம் உள்ள இடத்தில் எமிரேட்ஸ் ஐடி இல்லாமல் பணம் வாங்க மாட்டார்கள். குறிப்பு எண்ணும், ரேட்டும், கட்டணமும், ரூபாய்த் தொகையும் அச்சிட்ட ரசீது தருவார்கள். பணத்தை ஒரு தனி ஆளின் கணக்கில் போடச் சொன்னாலே அங்கிருந்து வந்துவிட வேண்டும். அதேபோல், இன்னொருவனுடைய பணத்தை அவனுக்காக உன் ஐடியில் அனுப்பிக் கொடுக்காதே என்றும் சொன்னேன். அறையில் ஒருவன் “இந்த மாசம் என் ஐடி காலாவதி ஆயிடுச்சு, உன் பேருல அனுப்புடா” என்பான். அந்தப் பணத்துக்குப் பிறகு பதில் சொல்ல வேண்டியவர் ரசீதில் பெயர் இருப்பவர்தான்.

என்னுடைய நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டான். கடைசிப் பக்கத்தில் 3.6725 என்று பெரிதாக எழுதி, அதன் கீழே அவனுடைய அம்மாவின் கணக்கு எண்ணை மூன்று முறை எழுதி, மூன்றையும் பாஸ்புக்கோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தான்.